#Aurora என்றால் எது? ட்ரெண்டிங் ஹேஷ்டேக்கைத் தானியங்கி ஒட்டும் முன் வாசித்துப் பார்ப்பது எப்படி

2012 ஜூலை 20 அன்று ட்விட்டரில் #Aurora என்ற ஹேஷ்டேக் ட்ரெண்டிங்கில் ஏறியது. 'செலப் பூட்டிக்' என்ற பிரிட்டன் ஆடை விற்பனை நிறுவனத்திடம் 'அரோரா' என்ற பெயரில் ஓர் உடை இருந்தது. எல்லோரும் தங்கள் உடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் போலும் என்ற தொனியில் அந்த ஹேஷ்டேக்கோடு ஒரு பதிவு போட்டார்கள். உண்மையில் அன்று பேசப்பட்டது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் அரோரா நகரத்தைப் பற்றி. அங்கே ஒரு திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்திருந்தார்கள். பதிவு போட்டவர் அமெரிக்காவில் இல்லை, அந்தச் சொல் ஏன் ட்ரெண்ட் ஆகிறது என்று பார்க்கவும் இல்லை என்று நிறுவனம் பின்னர் மன்னிப்புக் கேட்டது.

அன்று அந்த ஹேஷ்டேக்கை ஒட்டியது ஒரு மனிதர். இப்போது பல பக்கங்களில் அந்த வேலையைத் தானியங்கி செய்கிறது. ட்ரெண்டிங் பட்டியலை எடுக்கிறது, பதிவில் உள்ள சொற்களோடு ஒப்பிடுகிறது, பொருந்துவதை ஒட்டி அனுப்பிவிடுகிறது. அந்தச் சங்கிலியில் யாராவது எந்த இடத்தில், எதை, எப்படி வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதை #Aurora என்ற ஒரே உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரை விளக்குகிறது.

## முதலில் அடிப்படை: பட்டியலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

ஹேஷ்டேக் என்பது # குறிக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் வரும் சொல். அதைத் தட்டினால் அதே சொல்லைப் போட்ட எல்லாப் பதிவுகளும் ஓரிடத்தில் வந்து நிற்கும். இந்தப் பழக்கத்தை 2007 ஆகஸ்ட்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் முன்மொழிந்தார். ஹேஷ்டேக்குக்கு உரிமையாளர் கிடையாது, பொருள் எழுதி வைத்த அகராதியும் கிடையாது. இந்த நேரத்தில் யார் யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்களோ அதுதான் அதன் பொருள்.

ட்ரெண்டிங் பட்டியல் என்பது அதிகம் பேசப்படும் சொற்களின் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். ட்விட்டரின் இன்றைய பெயரான எக்ஸ் தளத்தின் பட்டியல் மொத்த எண்ணிக்கையைவிடத் திடீர் உயர்வுக்கு முன்னுரிமை கொடுக்கிறது. நாள்தோறும் ஒரே அளவில் பேசப்படும் சொல் பட்டியலுக்கு வராது. வழக்கமாக அமைதியாகக் கிடக்கும் சொல் ஒரு மணி நேரத்தில் பல மடங்கு ஏறினால் வந்துவிடும். 'அரோரா' போன்ற சாதாரணச் சொல் திடீரென்று பட்டியலில் தெரிகிறது என்றால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். திடீரென்று நடப்பவற்றில் விபத்தும் சாவும் கணிசமான பங்கு என்பதால், நமக்குப் பொருந்துவதுபோல் தோன்றும் சாதாரணச் சொல்தான் அதிக ஆபத்தானது.

பட்டியல் தருவது சொல்லையும், சில தளங்களில் ஓர் எண்ணிக்கையையும் மட்டும்தான். ஏன் ஏறியது என்பது அதில் இருக்காது. தானியங்கியின் கண்ணுக்கு வடதுருவ ஒளியும் துக்கம் நடந்த ஊரும் ஒரே ஆறு எழுத்துகள்.

## பிழை நுழையும் இரண்டு நேரங்கள்

நேரம் குறித்து வைக்கப்படும் ஒரு பதிவின் வாழ்க்கையில் மூன்று கணங்கள் உண்டு: எழுதும் கணம், ஹேஷ்டேக் ஒட்டும் கணம், வெளியாகும் கணம். ஒட்டும் கணத்தைப் பொறுத்து பிழை இரண்டு விதமாக வரும்.

திங்கட்கிழமை பதிவை எழுதும்போதே ட்ரெண்டிங் ஹேஷ்டேக்கை ஒட்டி, வெள்ளி மாலைக்கு நேரம் குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று யாராவது அந்த ஹேஷ்டேக்கை வாசித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்குள் அதன் பொருள் மாறியிருக்கும். பார்த்தது உண்மை, பார்த்த நேரம் பழையது.

இதைத் தவிர்க்கச் சிலர் வெளியாவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு பட்டியலை எடுத்துத் தானாக ஒட்டும்படி அமைக்கிறார்கள். இப்போது ஹேஷ்டேக் புதியது, ஆனால் அதை எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை. செலப் பூட்டிக்கில் ஒட்டியது மனிதர்தான் என்றாலும், ஹேஷ்டேக்கின் பொருளை வாசிக்காமல் ஒட்டியதால் அங்கே நேர்ந்ததும் இந்த இரண்டாவது வகைதான். தானியங்கி அமைப்புகளில் இதுவே கூடுதல் ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனென்றால் 'புதுப் பட்டியல்தானே' என்ற நம்பிக்கை காவலைத் தளர்த்திவிடுகிறது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்வு: ஒரு மனிதர் வாசித்து ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதலுக்குக் காலாவதி நேரம் இருக்க வேண்டும், வெளியாகும் கணத்தில் தானியங்கி அந்தக் காலாவதியைச் சரிபார்க்க வேண்டும். ஒப்புதல் இல்லை அல்லது காலாவதி ஆகிவிட்டது என்றால் பதிவு ஹேஷ்டேக் இல்லாமல் வெளியாகட்டும். ட்ரெண்டிங் ஹேஷ்டேக் இல்லாத பதிவு கொஞ்சம் குறைவான பேரைச் சென்றடையும், அவ்வளவுதான். தவறான ஹேஷ்டேக்கோடு போன பதிவை அழித்தாலும் அதற்குள் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட் அழியாது.

## வாசிப்பது எப்படி

ஒரு ஹேஷ்டேக்குக்கு நான்கைந்து நிமிடம் போதும். ஆனால் வரிசை முக்கியம்.

1. சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ஹேஷ்டேக்கில் இடைவெளி இல்லாததால் ஒரே எழுத்துத் தொடரை இரண்டு விதமாக வாசிக்கலாம். 2013 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் இறந்தபோது #nowthatchersdead பரவியது. அதைச் சிலர் பாடகி ஷெர் இறந்துவிட்டார் என்று பிரித்து வாசித்துக் கலங்கினார்கள். ஆங்கில ஹேஷ்டேக்கை எல்லாம் சிறிய எழுத்தில் ஒருமுறை எழுதி, எத்தனை இடங்களில் வெட்ட முடிகிறது என்று பாருங்கள். ஒட்டுவதாக முடிவானால் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரியதாக வையுங்கள். தேடலில் இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்கு மட்டும் தெளிவு.

2. 'சமீபத்தியவை' தாவலில் வாசியுங்கள். தேடல் பக்கம் பெரும்பாலும் 'சிறந்தவை' தாவலில்தான் திறக்கும். அங்கே விருப்பமும் பகிர்வும் நிறையப் பெற்றவை மேலே இருக்கும். விருப்பங்கள் சேர நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு முன் தொடங்கிய புதிய பொருள் அங்கே மேலே வந்திருக்காது. பழைய, அழகான துருவ ஒளிப் படங்கள்தான் முன்னால் நிற்கும். அதைப் பார்த்து 'பாதுகாப்பானது' என்று முடிவு செய்வது மிக எளிதாக நடக்கும் தவறு.

3. மற்ற தானியங்கிகளைக் கழித்துவிடுங்கள். ட்ரெண்ட் ஆகும் எந்த ஹேஷ்டேக்கிலும் நம்மைப் போலவே அதை ஒட்டிக்கொண்ட விளம்பரங்கள் வந்து குவியும். எல்லாரும் ஏதோ விற்கிறார்கள், நாமும் விற்கலாம் என்று தோன்றும். அவை அந்த ஹேஷ்டேக்கின் பொருளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மறுபகிர்வுகளையும், தொடர்பில்லாத நான்கைந்து ட்ரெண்டிங் ஹேஷ்டேக்குகளை வரிசையாக அடுக்கிய பதிவுகளையும், ஒரே வாசகம் வெவ்வேறு கணக்குகளிலிருந்து வருவதையும் தள்ளிவிட்டு, மனிதர்கள் எழுதியதாகத் தெரியும் 30 பதிவுகளை முழுதாக வாசியுங்கள். ஐம்பதை எடுத்தால் முப்பது தேறலாம். தேறாவிட்டால் இன்னும் எடுங்கள்.

4. அந்த 30 பதிவுகள் எவ்வளவு நேரத்தைத் தழுவுகின்றன என்று பாருங்கள். முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் இடையே நாற்பது வினாடிதான் என்றால் நீங்கள் பார்த்தது ஒரு பெரிய ஆற்றின் ஒரு சொட்டு. இப்போது, ஒரு மணி நேரத்துக்கு முன், உயர்வு தொடங்கிய இடத்தில் என மூன்று மாதிரிகள் எடுக்க வேண்டும். அதற்கு மாறாக 30 பதிவுகள் மூன்று நாளுக்கு நீள்கின்றன என்றால் உங்கள் மொழியில், உங்கள் தளத்தில் அது ட்ரெண்டிங்கே அல்ல. ஒட்டுவதால் பெரிய பயனும் இல்லை.

5. ஏற்றம் எங்கே தொடங்கியது என்று தேடுங்கள். மணிவாரி எண்ணிக்கையைப் பார்த்தால் கோடு தட்டையாக வந்து ஓரிடத்தில் செங்குத்தாக ஏறும். அந்த மூலையில் இருக்கும் பதிவுகள்தான் காரணத்தைச் சொல்பவை. உச்சியில் இருப்பவை பெரும்பாலும் காரணம் ஏற்கெனவே தெரிந்தவர்களின் எதிர்வினைகள். 'நம்பவே முடியவில்லை' என்று மட்டும் எழுதியிருப்பார்கள், எதை என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

இதற்குப் பின் முடிவு மூன்றில் ஒன்று: ஒட்டலாம்; ஒட்ட வேண்டாம், பதிவு மட்டும் போகட்டும்; பதிவையே நிறுத்தி வைக்கலாம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். #Aurora-வை எடுத்துவிட்டாலும் 'அரோராவில் இன்றிரவு மின்னுங்கள்' என்ற வாசகம் அன்றைக்கு அதே காயத்தைத்தான் ஏற்படுத்தும்.

முப்பதில் எத்தனை பதிவுகள் வேறு பொருளில் இருந்தால் கைவிடுவது? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கணக்குகள் சாவு, விபத்து, வன்முறை, கைது, பேரிடர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பற்றி இதே ஹேஷ்டேக்கில் எழுதியிருந்தால் கைவிட்டுவிடுங்கள். முப்பதில் இரண்டு என்பது மிகக் கடுமையான அளவாகத் தோன்றலாம். ஒரு நிகழ்வின் முதல் அரை மணியில் புதிய பொருள் எப்போதும் சிறுபான்மைதான். பழைய பொருளில் எழுதுபவர்களும் விளம்பரங்களும் இன்னும் நிரம்பியிருப்பார்கள். பாதிக்கு மேல் ஆகட்டும் என்று காத்திருந்தால் நம் பதிவு அதற்குள் வெளியாகியிருக்கும்.

## ஒரே சொல், இரண்டு நாட்கள்

இரவு வானப் படங்களை வெளியிடும் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வாரத்துக்கு ஐந்து படங்கள், எல்லாம் முன்கூட்டியே நேரம் குறித்தவை. படக்குறிப்பில் உள்ள சொல் ட்ரெண்டிங் பட்டியலில் இருந்தால் தானியங்கி அதை ஹேஷ்டேக்காக ஒட்டும். இன்றைய படம் வடதுருவ ஒளி. பட்டியலில் #Aurora இருக்கிறது.

முதல் நாள் 2024 மே 10 என்று கொள்வோம். அன்று பூமியைத் தாக்கிய சூரியப் புயல், ஐந்து படிகள் கொண்ட அளவுகோலில் உச்சமான ஜி5 நிலையைத் தொட்டது. 2003 அக்டோபருக்குப் பின் அதுவே முதல்முறை. வழக்கமாகத் துருவ ஒளி தெரியாத பல நாடுகளில் அது தெரிந்தது. அன்று மேலே சொன்ன ஐந்து படிகளையும் நடத்தினால், சமீபத்திய பதிவுகளில் வெவ்வேறு ஊர்களிலிருந்து, கைபேசியில் எடுத்த, கொஞ்சம் மங்கலான பச்சை, இளஞ்சிவப்பு வானப் படங்களாக வரும். ஏற்றம் தொடங்கிய மூலைக்குப் போனால் விண்வெளி வானிலை எச்சரிக்கை கிடைக்கும். ஊர்ப் பெயர் கலந்து வந்தாலும் அது 'இங்கிருந்து தெரிகிறது' என்ற பொருளில் வரும். பக்கத்தின் படமும் ஹேஷ்டேக்கின் பொருளும் ஒன்று. ஒட்டலாம். ஒரே கவனம்: படம் பழையதென்றால் எடுத்த ஆண்டைக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் இன்றிரவு எடுத்தது என்று வாசகர் நம்பிவிடுவார்.

இரண்டாவது நாள் 2012 ஜூலை 20. சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் எதுவும் சிக்காது. 'சிறந்தவை' தாவலிலும் தொடக்கத்தில் சந்தேகப்பட ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். 'சமீபத்தியவை'யில்தான் வேறுபாடு தெரியும். வானப் படங்களே அரிதாக இருக்கும். 'கொலராடோ', 'திரையரங்கு', 'குடும்பங்கள்', 'பிரார்த்தனை' என்ற சொற்கள் அடுத்தடுத்து வரும். கூர்ந்து பார்த்தால் இன்னொரு குறியும் உண்டு: வடதுருவ ஒளியைப் பற்றி எழுதுபவர்கள் படம் போடாமல் இருக்க மாட்டார்கள். #Aurora பதிவுகளில் பெரும்பாலானவை வெறும் எழுத்தாக இருக்கின்றன என்றாலே பொருள் மாறிவிட்டது என்று கொள்ளலாம். ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஓர் உடல்மொழி இருக்கும். உங்கள் துறையின் ஹேஷ்டேக்குகளைச் சாதாரண நாளில் ஒருமுறை வாசித்து வைத்திருந்தால் அசாதாரண நாள் உடனே கண்ணில் படும்.

அன்றைய முடிவு: ஹேஷ்டேக் வேண்டாம், படத்தையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள். படக்குறிப்பில் 'அரோரா' என்ற சொல் இருப்பதால், ஹேஷ்டேக் இல்லாமலேயே தேடலில் அந்தச் செய்திகளுக்கு நடுவே வந்து நிற்கும்.

## உணர்வு மதிப்பெண்ணை ஏன் நம்ப முடியாது

மனிதர் வாசிப்பதற்குப் பதிலாகப் பதிவுகளுக்கு நேர்மறை, எதிர்மறை என்று மதிப்பெண் போடும் நிரலை வைத்தால் போதாதா என்ற கேள்வி வரும். 2014 செப்டம்பரில் நடந்தது இதற்கு நல்ல பதில். வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்கள், அந்த உறவில் ஏன் தொடர்ந்து இருக்க நேர்ந்தது என்பதை #WhyIStayed என்ற ஹேஷ்டேக்கில் எழுதினார்கள். 'டிஜோர்னோ' என்ற பீட்சா நிறுவனம், பீட்சா இருந்ததால் தங்கிவிட்டேன் என்ற பொருளில் அதே ஹேஷ்டேக்கில் பதிவு போட்டது. விரைவிலேயே அழித்துவிட்டு, ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று வாசிக்காமல் போட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டது.

இப்படிப்பட்ட ஹேஷ்டேக்கில் இயல்பாக வரும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: அன்பு, நம்பிக்கை, குழந்தைகள், வீடு, மன்னிப்பு. சொல் வாரியாக மதிப்பிடும் நிரல் இவற்றில் பலவற்றை நேர்மறையாகவே எண்ணும். இரங்கல் பதிவுகளும் அப்படித்தான். 'அமைதியில் உறங்குங்கள்', 'எங்கள் அன்பு உங்களோடு' என்பவை மதிப்பெண்ணில் மகிழ்ச்சியான பதிவுகளுக்கு அருகில் வந்து உட்காரும். மறுபுறம், விளையாட்டுப் போட்டியில் ரசிகர்கள் திட்டித் தீர்ப்பது எதிர்மறையாக வரும், ஆனால் அதில் பெரிய ஆபத்து இல்லை.

தடைச் சொற்பட்டியலுக்கு இதைவிடக் கொஞ்சம் பயன் உண்டு. ஆனால் ஒரு திசையில் மட்டும். 'இரங்கல்', 'பலி', 'பிரார்த்தனை' போன்ற சொல் கிடைத்தால் உடனே மறுப்பதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். சொல் கிடைக்கவில்லை என்பதற்காக ஒப்புதல் கொடுத்துவிடக் கூடாது. ஒப்புதல் கொடுப்பது வாசித்த மனிதர் மட்டுமே.

## தானியங்கிக்குள் வைக்கும் கதவு

வாசித்தவர் கொடுத்த ஒப்புதலோடு இரண்டு விவரங்களைச் சேமிக்க வேண்டும்: எத்தனை மணிக்கு வாசித்தார், அப்போது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பதிவுகள் வந்துகொண்டிருந்தன. வெளியாகும் கணத்தில் இந்தக் கதவு இயங்கும்:

```python
from datetime import timedelta

def tag_or_none(tag, ok, now, rate_now):
    if ok is None or rate_now is None:
        return None
    if now - ok["time"] > timedelta(hours=2):
        return None
    if rate_now > max(3 * ok["rate"], 20):
        return None
    return tag
```

முதல் நிபந்தனை: ஒப்புதல் இல்லை, அல்லது இப்போதைய எண்ணிக்கை கிடைக்கவில்லை என்றால் ஹேஷ்டேக் இல்லை. இதைத் தலைகீழாக எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. தளத்தின் சேவை பதில் தராதபோது பிழையை விழுங்கிவிட்டு ஹேஷ்டேக்கை அப்படியே விட்டுவிடும் நிரல்களை நிறையப் பார்க்கலாம். பெரிய செய்தி வெடிக்கும் நேரத்தில்தான் தளங்கள் தடுமாறுவதற்கும், உங்கள் கோரிக்கை வரம்பு தீர்ந்துபோவதற்கும் வாய்ப்பு அதிகம். அதாவது சோதனை மிகவும் தேவைப்படும் நேரத்தில் சோதனை நடக்காமல் ஹேஷ்டேக் மட்டும் போய்விடும்.

இரண்டாவது: ஒப்புதல் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும். மூன்றாவது: வாசித்தபோது இருந்ததைவிட வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மறுபடி வாசிக்க அனுப்ப வேண்டும். 20 என்ற தரைமட்டம் இல்லாவிட்டால் சிறிய ஹேஷ்டேக்குகளில் தொல்லை வரும். நள்ளிரவில் மணிக்கு இரண்டு பதிவு வந்தது காலையில் ஏழு ஆனாலே கதவு மூடிக்கொள்ளும். இரண்டு மணி, மூன்று மடங்கு, இருபது ஆகிய மூன்றும் தொடங்குவதற்கான அளவுகள். சில வாரங்கள் பதிவேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தை நீட்டுவதில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம்.

இந்தக் கதவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. மே 10 போன்ற நாளில் #Aurora ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது அதே பெயருள்ள ஊரில் ஏதாவது நடந்தால், மொத்த வேகம் மூன்று மடங்கு ஏறாது. பெரிய அலைக்குள் சிறிய அலை மறைந்துவிடும். அதனால் மிக வேகமான ஹேஷ்டேக்குகளுக்கு ஒப்புதல் நேரத்தை அரை மணியாகச் சுருக்குவது நல்லது.

## தரவு எடுக்கும் இடத்தில் சிக்கும் சில்லறைப் பிழைகள்

நிரல்கள் ஒரு தளத்திடம் தரவு கேட்டு வாங்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். எக்ஸ் தளத்தின் ஏபிஐயில் கடந்த ஏழு நாள் பதிவுகளைத் தேடவும், அவற்றை மணிவாரியாக எண்ணவும் தனித்தனி முகவரிகள் உண்டு:

```
GET /2/tweets/search/recent?query=%23Aurora%20-is:retweet&max_results=50&tweet.fields=created_at,lang,author_id
GET /2/tweets/counts/recent?query=%23Aurora&granularity=hour
```

இங்கே `%23` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முகவரியில் `#` என்று நேரடியாகப் போட்டால் அதற்குப் பின்னால் உள்ள எதுவும் சர்வருக்கே போகாது. கோரிக்கை வெறும் `query=` என்று போய்ப் பிழையாகத் திரும்பும். மேலே சொன்ன பிழையை விழுங்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டால், சோதனை ஒருநாள்கூட நடக்காமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

பல தனித்தனி சர்வர்களில் இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் `/api/v1/timelines/tag/Aurora?limit=40` என்று # இல்லாமல் கேட்க வேண்டும், ஒரு தடவைக்கு 40 பதிவுகள்தான் உச்சம். அங்கே `/api/v1/trends/tags` தரும் விவரத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை முறை பயன்பட்டது, எத்தனை கணக்குகள் பயன்படுத்தின என்ற இரண்டு எண்களும் இருக்கும். பயன்பாடு மிக அதிகம், கணக்குகள் சொற்பம் என்றால் யாரோ சிலர் சேர்ந்து ஏற்றுகிறார்கள். அதை ஒட்டாமல் விடுங்கள். உங்கள் சர்வருக்கு எட்டிய பதிவுகள் மட்டுமே இதில் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்ஸ்டாகிராமின் ஹேஷ்டேக் தேடலில் `recent_media` கடந்த 24 மணி நேரப் பதிவுகளை மட்டும் தரும். ஒரு கணக்கு ஏழு நாளுக்கு 30 வெவ்வேறு ஹேஷ்டேக்குகளைத்தான் கேட்கலாம். தானியங்கி பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் கண்மூடித்தனமாகக் கேட்டால் முதல் நாளே முப்பதும் தீர்ந்துவிடும். அதனால் முதலில் கண்ணால் பார்த்து இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே ஏபிஐக்குப் போக வேண்டும்.

தமிழ் ஹேஷ்டேக்குகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பைதானின் `\w` தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை:

```python
>>> import re
>>> re.findall(r"#\w+", "#துருவஒளி")
['#த']
>>> re.findall(r"#[\w\u0B80-\u0BFF]+", "#துருவஒளி")
['#துருவஒளி']
```

முதல் வரியைப் பயன்படுத்தும் நிரல் #துருவஒளி பதிவுகளைச் சரிபார்ப்பதாக நினைத்துக்கொண்டு #த என்பதைத் தேடும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டாவது வரியில் தமிழ் எழுத்துகளின் யூனிகோடு எல்லை சேர்க்கப்பட்டிருப்பதால் முழுச்சொல் கிடைக்கிறது. ஒவ்வொரு சோதனையின் பதிவேட்டிலும் உண்மையில் எந்தச் சொல் தேடப்பட்டது என்பதை அப்படியே எழுதி வைத்தால் இந்தப் பிழை முதல் நாளே தெரிந்துவிடும்.

## வெளியான பிறகு

நாம் ஒட்டிய பிறகும் ஹேஷ்டேக்கின் பொருள் மாறலாம். அதனால் வெளியான 30 நிமிடத்திலும் 2 மணி நேரத்திலும் தானியங்கி மறுபடி வேகத்தை எண்ணி, மூன்று மடங்கு தாண்டியிருந்தால் பொறுப்பில் இருப்பவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். தானாக அழிக்கும்படி வைக்க வேண்டாம். மே 10 போன்ற நல்ல நாளிலும் வேகம் மூன்று மடங்கு ஏறும், அன்றைக்கு நல்ல பதிவுதான் அழியும்.

தகவல் கிடைத்தவர் 30 பதிவுகளை மறுபடி வாசிக்கிறார். பொருள் மாறியிருந்து, பதிலாக யாரும் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். யாராவது ஏற்கெனவே வருந்தியோ கோபப்பட்டோ எழுதியிருந்தால், பதிவை அழித்துவிட்டு, எந்த நேரத்தில் எந்தப் பொருளில் ஒட்டினோம் என்பதை இரண்டு வரியில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது பதிவில் அதே ஹேஷ்டேக்கைப் போடாதீர்கள். போட்டால் துக்கத்தில் இருப்பவர்களின் வரிசையில் நம் விளக்கமும் வந்து நிற்கும். அதோடு, வரிசையில் காத்திருக்கும் மற்ற பதிவுகளில் அதே ஹேஷ்டேக் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அழித்த பதிவின் இன்னொரு வடிவம் அடுத்த மணி நேரத்தில் வேறொரு தளத்தில் வெளியாகக் காத்திருக்கக்கூடும்.